ரவிவர்மா பெயருக்கு முன்னால் நிற்கும் சொற்கள்: ஏலப் பட்டியலைப் படிப்பது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்குப் போனால், படத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். சட்டத்தின் ஆணியைப் பார்க்கலாம், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம், கடைக்காரர் முகத்தையும் பார்க்கலாம். ஏலப் பட்டியலில் இதெல்லாம் கிடையாது. ஒரு புகைப்படமும் பத்து வரியும்தான் கையில் இருக்கும். அந்தப் பத்து வரியில் முதல் வரியை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்தக் கட்டுரை அந்த முதல் வரியைப் பற்றியது.

உதாரணத்துக்கு ராஜா ரவிவர்மாவை எடுத்துக்கொள்கிறேன். மதுரை, காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளிலிருந்து வரும் படங்களில் அதிகம் அடிபடும் பெயர் அவருடையதுதான். இன்னொரு காரணமும் உண்டு. பட்டியல்காரர்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவரைச் சுற்றி உண்மையான ஆட்கள் இருக்கிறார்கள். கூடவே வரைந்த தம்பி, அதே அரண்மனையில் வரைந்த வேறு ஓவியர்கள், அச்சகம், பின்னால் வந்த நகல்காரர்கள் என்று ஒருவர் விடாமல் இருக்கிறார்கள்.

முதல் வரியில் இரண்டு கேள்விகள்

பட்டியலில் ஓவியர் பெயர் மட்டும் தனியாக, முன்னொட்டு எதுவும் இல்லாமல் இருந்தால், 'இது அவர் வரைந்ததுதான் என்பது எங்கள் கருத்து' என்று ஏல நிறுவனம் சொல்கிறது. கருத்து என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்போதும் அது கருத்துதான், ஆனால் நிறுவனம் தன் பெயரை வைத்துச் சொல்லும் கருத்து.

பெயருக்கு முன்னால் வேறு ஏதாவது சொல் வந்துவிட்டால் நிறுவனம் ஒரு அடி பின்வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு கேள்வி கேட்டால் போதும். அந்த ஓவியரின் கை இதில் பட்டிருக்கிறதா? அவர் வாழ்ந்த காலத்திலேயே வரையப்பட்டதா, பின்னால் வந்ததா? ஒவ்வொரு சொல்லும் இந்த இரண்டு கேள்விக்கும் தன் பாணியில் பதில் சொல்கிறது. பழைய ஐரோப்பிய ஓவியங்களுக்காக லண்டன் ஏல நிறுவனங்களில் ஊறிப்போன வழக்கம் இது. இந்திய நிறுவனங்களும் ஏறக்குறைய இதையேதான் பின்பற்றுகின்றன.

'அட்ரிபியூட்டட் டு' என்று போட்டிருந்தால், முழுதாகவோ பகுதியாகவோ அவர் வரைந்திருக்கலாம், அநேகமாக அவர்தான், ஆனால் உறுதி சொல்ல மாட்டோம் என்று பொருள். கை கேள்விக்கு 'அநேகமாக', காலம் கேள்விக்கு 'ஆம்'. ஏணியில் பெயருக்கு அடுத்த படி இதுதான். புதிதாக வருகிறவர்கள் அதிகம் வழுக்கி விழுவதும் இந்தப் படியில்தான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

'ஸ்டுடியோ ஆஃப்', 'வொர்க்‌ஷாப் ஆஃப்' இரண்டும் ஓவியரின் பட்டறையிலிருந்து வந்த படத்தைக் குறிக்கும். அவர் மேற்பார்வையில் வரைந்திருக்கலாம். ரவிவர்மாவுக்கு இது கற்பனையான விஷயம் இல்லை. தம்பி சி. ராஜராஜ வர்மா அவருடனேயே ஊர் ஊராகப் பயணம் செய்து கூட வரைந்தவர், தனியாகவும் நல்ல ஓவியர். ஒரே படத்தில் முகம் ஒருவருடையது, பின்னணி இன்னொருவருடையது என்பது அந்தக் காலத்துப் பட்டறைகளில் சாதாரணம்.

நம் பக்கத்திலேயே இன்னும் தெளிவான உதாரணம் உண்டு. கோவில்பட்டியில் இருந்து சிவகாசி காலண்டர்களுக்குச் சாமி படம் வரைந்துகொடுத்த சி. கொண்டையராஜு. அவரும் அவர் சீடர் டி.எஸ். சுப்பையாவும் இரண்டு பேருடைய பெயரையும் போட்டே பல படங்களில் கையெழுத்திட்டார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து கையெழுத்தில்லாத ஒரு மூலப் படம் ஏலத்துக்கு வந்தால், 'கொண்டையராஜு' என்று தனியாகப் போடுவதைவிட 'ஸ்டுடியோ ஆஃப்' என்று போடுவதே நேர்மை. இந்தச் சொல்லைக் கண்டதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. சில சமயம் பட்டியலிலேயே மிகவும் உண்மையான வரி அதுவாக இருக்கும்.

'சர்க்கிள் ஆஃப்' வந்தால் அவர் கை என்ற பேச்சு முடிந்துவிட்டது. ஓவியரின் காலத்தைச் சேர்ந்தது, அவருடைய செல்வாக்கு தெரிகிறது, வரைந்தவர் யாரென்று தெரியவில்லை. இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் உண்டு. கிறிஸ்டீஸ் விளக்கத்தில் அதே காலமும் செல்வாக்கும் இருந்தால் போதும். சோத்பீஸ் விளக்கம் இன்னும் கொஞ்சம் நெருக்கம் கேட்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் தனித்துத் தெரிகிற ஒரு கை, அந்த ஓவியரோடு நெருங்கிய தொடர்புடையது, ஆனால் மாணவராக இருக்க வேண்டும் என்று இல்லை. ஒரே சொல், இரண்டு இடத்தில் இரண்டு எடை. அதனால்தான் எந்த ஏலமாக இருந்தாலும் பட்டியலின் கடைசிப் பக்கங்களில், அல்லது தளத்தின் விதிமுறைப் பகுதியில் இருக்கும் சொல்விளக்கத்தை முதலில் படிக்கச் சொல்கிறேன். ஐந்து நிமிட வேலை, யாரும் செய்வதில்லை.

ரவிவர்மா விஷயத்தில் இந்தச் 'சர்க்கிள்' எப்படி இருந்தது என்பதற்கு மதுரைக்கே ஒரு சம்பந்தம் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய்ச் சாய ஓவியம் வேரூன்றியதில் மதுரையிலிருந்து போன அழகிரி நாயுடு என்ற ஓவியருக்குப் பங்கு உண்டு. ரவிவர்மாவின் மாமா ராஜராஜ வர்மா அவரிடம் கற்றவர். அழகிரி நாயுடு வழியில் வந்த ராமசாமி நாயுடு பின்னால் அரண்மனை ஓவியராக இருந்தார். இளம் ரவிவர்மாவுக்குச் சொல்லித்தர அவர் மறுத்துவிட்டார் என்பது அந்தக் கதையில் எல்லோரும் சொல்லும் பகுதி. ஆக, அதே காலம், அதே சாயம், அதே அரண்மனை, ஆனால் வேறு கை என்று பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வரைந்த உருவப்படம் இன்றைக்குக் கையெழுத்தில்லாமல் கிடைத்தால், பெயர் தெரியாத பட்டியல்காரர் கைக்கு முதலில் வருவது 'சர்க்கிள் ஆஃப் ரவிவர்மா' என்ற சொல்தான். ராமசாமி நாயுடு இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

'ஃபாலோயர் ஆஃப்' இன்னும் ஒரு படி கீழே. அவர் பாணியில் வரைந்தவர், மாணவர் என்று சொல்ல முடியாது, காலமும் கொஞ்சம் தள்ளிப் போகலாம். 'மேனர் ஆஃப்' வந்தால் பாணி மட்டும்தான் அவருடையது, காலம் பிந்தியது. 'ஆஃப்டர்' என்பது அவருடைய ஒரு குறிப்பிட்ட படத்தின் நகல். எந்தக் காலத்து நகலாகவும் இருக்கலாம், 1900ஆம் ஆண்டு நகலும் 'ஆஃப்டர்'தான், போன வருடம் வரைந்ததும் 'ஆஃப்டர்'தான்.

'ஸ்டைல் ஆஃப்' என்ற குழப்பம்

'இன் த ஸ்டைல் ஆஃப்' இந்த ஏணியில் எங்கே நிற்கிறது என்று கேட்டால், அது யார் எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது. சோத்பீஸின் பழைய ஓவியப் பட்டியல்களில் 'ஸ்டைல் ஆஃப்' என்பதை 'ஃபாலோயர் ஆஃப்' கூடவே வைத்திருந்தார்கள். ஓவியரின் காலத்திலோ அதை ஒட்டியோ, அவர் பாணியில் வரைந்தது என்று அர்த்தம். அப்படியானால் பழைய படம். ஆனால் சின்ன ஆன்லைன் ஏலங்களில் இதே சொல்லைப் புத்தம் புதிய அலங்காரப் படத்துக்கும் தாராளமாகப் போடுகிறார்கள். அங்கே காலம் கேள்விக்குப் பதிலே இல்லை.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ 'மதுரை முனியாண்டி விலாஸ்' என்று பலகை பார்த்தால் என்ன நினைப்போம்? அந்த ஹோட்டல்களுக்குப் பூர்வீகமான வடக்கம்பட்டி ஊர்க்காரர் நடத்தினாலும் நடத்தலாம், பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவராகவும் இருக்கலாம். சாப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 'ஸ்டைல் ஆஃப்' பலகையும் அப்படித்தான், ஆனால் இங்கே பணம் கட்டும் முன் சாப்பிட்டுப் பார்க்க முடியாது. ஆகவே இந்தச் சொல்லைக் கண்டால் அதே பதிவில் ஆண்டோ நூற்றாண்டோ கொடுத்திருக்கிறதா என்று தேடுங்கள். '19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி' என்று இருந்தால் நிறுவனம் காலத்துக்காவது பொறுப்பேற்கிறது. ஒன்றுமே இல்லாவிட்டால் புதிய படம் என்றே வைத்துக்கொண்டு விலை போடுங்கள்.

கையெழுத்து வரி

முதல் வரிக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது கையெழுத்தைப் பற்றிய வரி. 'சைன்ட்' என்று மட்டும் இருந்தால் ஓவியரே கையெழுத்திட்டதாக நிறுவனம் கருதுகிறது. 'வித் சிக்னேச்சர்' என்றோ 'பேர்ஸ் சிக்னேச்சர்' என்றோ இருந்தால், படத்தில் ஒரு கையெழுத்து இருக்கிறது, அது வேறு யாரோ போட்டதாகத் தோன்றுகிறது என்று அர்த்தம். தேதிக்கும் எழுத்துக் குறிப்புக்கும் இதே வித்தியாசம்தான். 'ஒரு கையெழுத்து இருக்கிறது' என்று மகிழ்ச்சியாகப் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

பின்னால் சேர்த்த கையெழுத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எண்ணெய்ச் சாயம் காய்ந்து வருடங்கள் ஆக ஆக மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு விழும். ஓவியரே அன்றைக்குப் போட்ட கையெழுத்தாக இருந்தால் அந்த எழுத்தும் படத்தோடு சேர்ந்து வெடித்திருக்கும், வெடிப்பு எழுத்தைக் குறுக்கே வெட்டிப் போகும். வெடிப்பு விழுந்த பிறகு யாராவது எழுதியிருந்தால் புதுச் சாயம் வெடிப்புக்குள் இறங்கி ஓடியிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் இது நன்றாகவே தெரியும். புற ஊதா விளக்கில் பார்த்தால் பழைய வார்னிஷ் பச்சை கலந்து மங்கலாக ஒளிரும், அதன் மேல் பின்னால் எழுதியது கறுப்பாகத் தனித்து நிற்கும். கையெழுத்து மூலையை நெருக்கமாக எடுத்த புகைப்படம் கேட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் அனுப்பும்.

எண்ணெய்ச் சாயமா, அச்சா?

ரவிவர்மா பெயரோடு வருவதில் பெரும்பங்கு அச்சுப் படங்கள். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம், பிறகு லோனாவ்லா அருகே மலவ்லிக்கு மாறி, லட்சுமியையும் சரஸ்வதியையும் நாடு முழுக்கக் கொண்டுபோனது. அச்சகம் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர் கைக்குப் போன பிறகும் அச்சிடுவது நிற்கவில்லை. ஓலியோகிராஃப் எனப்படும் இந்த வண்ணக் கல்லச்சுப் படங்களுக்கு மேலே வார்னிஷ் பூசி, கேன்வாஸ் போன்ற மேடுபள்ளமும் கொடுப்பார்கள். கண்ணாடி போட்டுப் பூஜையறையில் மாட்டியிருந்தால் தூரத்திலிருந்து எண்ணெய் ஓவியம் போலவே இருக்கும். அதன் மேல் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி, துணியில் சேலை உடுத்திய படங்களும் செட்டிநாட்டு வீடுகளில் நிறைய இருந்தன.

படத்தில் உள்ள முகத்தின் கன்னத்தைப் பெரிதாக்கும் கண்ணாடியால் பாருங்கள். கல்லச்சில் ஒழுங்கற்ற சிறுசிறு வண்ணப் புள்ளிகள் தெரியும், இளஞ்சிவப்பு ஒன்று, அதற்குப் பக்கத்தில் மஞ்சள் ஒன்று என்று கையால் வைத்தது போல இருக்கும். ஒரே அளவுப் புள்ளிகள் வரிசையாகப் பூ மாதிரி அமைந்திருந்தால் அது ஆஃப்செட், அதாவது மிகவும் பிந்திய மறுபதிப்பு. புள்ளியே இல்லாமல் தூரிகைத் தடம் நெசவைத் தாண்டி ஓடினால்தான் சாயம்.

அச்சைப் பார்த்து எண்ணெயில் வரைந்த நகல் இன்னொரு வகை. இதுதான் சரியான அர்த்தத்தில் 'ஆஃப்டர்'. இதில் நான் பார்க்கும் இடம் சேலைக் கரை. ஒரிஜினலைப் பார்த்து, அல்லது உயிருள்ள ஆளை உட்காரவைத்து வரைந்தவர் கைக்குத் துணி மடிகிற இடத்தில் ஜரிகையும் மடியும், பாதிக் கட்டம் மறையும். அச்சைப் பார்த்து எழுதினவர் கரையின் கட்டங்களை மடிப்பின் மேலேயே நேராக இழுத்துக்கொண்டு போயிருப்பார். நகைகளும் அப்படித்தான், அட்டிகை கழுத்தின் வளைவோடு போகாமல் வெறும் மஞ்சள் புள்ளிகளாக நிற்கும்.

ஒரு பதிவை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி திருநகரில் இருக்கிறார், வீட்டு ஹாலுக்கு நல்ல படம் தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் இரவு போன்.

"அண்ணே, ரவிவர்மா படம் ஏலத்துல வந்திருக்கு. மூணு லட்சத்துலருந்து ஆரம்பம். கையெழுத்தும் இருக்குண்ணே."

"முதல் வரியை அப்படியே வாசிங்க தம்பி, எதையும் விடாம."

அவர் வாசித்தது போன்ற ஒரு பதிவை, விவரங்களை மாற்றி, உதாரணமாகத் தமிழில் கொடுக்கிறேன்:

அட்ரிபியூட்டட் டு ராஜா ரவிவர்மா, 1848–1906. தலைப்பில்லாதது, வீணையுடன் பெண். கேன்வாஸில் எண்ணெய்ச் சாயம். கீழே வலப்புறம் 'பேர்ஸ் சிக்னேச்சர்'. 76 x 51 செ.மீ. முன்பு இருந்த இடம்: தென்னிந்தியாவில் தனியார் சேகரிப்பு. மதிப்பீடு: ரூ. 3,00,000 – 5,00,000.

முதல் சொல் நம்பிக்கை தருகிறது, அநேகமாக ரவிவர்மா. இரண்டு வரி தள்ளி 'பேர்ஸ் சிக்னேச்சர்' என்கிறது, கையெழுத்து அவர் போட்டதாகத் தோன்றவில்லை. இந்த இரண்டும் சேர்ந்து வருவதில் தப்பில்லை. கையெழுத்தில்லாத உண்மையான படத்தில் பின்னால் வந்த வியாபாரி ஒருவர் பெயரை எழுதிவைத்திருக்கலாம், அது நடக்கிற விஷயம்தான். ஆனால் படம் யாருடையது என்பதற்குக் கையெழுத்து இனி சாட்சி இல்லை, வேறு சாட்சி வேண்டும்.

அந்த வேறு சாட்சி எங்கே இருக்க வேண்டும்? 'முன்பு இருந்த இடம்' என்ற வரியில். ப்ராவனன்ஸ் என்பார்கள். எந்தக் குடும்பம், எந்த ஆண்டு வாங்கியது, எந்தக் கண்காட்சியில் வைத்தது என்று இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒரு நூல் கிடைக்கும். 'தென்னிந்தியாவில் தனியார் சேகரிப்பு' என்றால் யாரோ ஒருவர் வீட்டில் இருந்தது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அடுத்து மதிப்பீடு. 2023இல் ரவிவர்மாவின் யசோதை–கிருஷ்ணர் ஓவியம் மும்பை ஏலம் ஒன்றில் 38 கோடி ரூபாய்க்குப் போனது. அது அப்போதைய உச்சம், எல்லாப் படமும் அவ்வளவு போகாதுதான். ஆனாலும் அவர் வரைந்த எண்ணெய் ஓவியம் என்று நிறுவனமே மனதார நம்பினால் மூன்று லட்சம் என்று மதிப்பீடு எழுதாது. மதிப்பீடும் ஒரு வாக்குமூலம். முதல் வரி 'அநேகமாக' என்கிறது, விலை 'எங்களுக்கே நம்பிக்கை குறைவு' என்கிறது. இரண்டும் முட்டும்போது நான் விலையைத்தான் நம்புவேன்.

கடைசியாக, பதிவில் இல்லாத ஒரு வரி. ரவிவர்மாவின் படைப்புகள் 1979இல் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவருடையது என்று நம்பும் படத்துக்கு ஏல நிறுவனங்கள் 'நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது' என்று பதிவிலேயே குறிப்பிடும். இங்கே அது இல்லை. நூறு ஆண்டு தாண்டிய எந்த ஓவியமும் தொல்பொருள் என்ற கணக்கில் வந்து அதே தடைக்குள் விழும் என்பதால், அந்தக் குறிப்பு இருந்தாலே ரவிவர்மா என்று ஆகிவிடாது. ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லையென்றால், ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.

கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள்

தம்பியிடம் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். போனில் கேட்டால் இனிக்க இனிக்கப் பேசுவார்கள், பிறகு ஒன்றும் நிற்காது. கேட்க வேண்டியவை இவைதான். 'அட்ரிபியூட்டட்' என்று யார் கருதுகிறார்கள், உங்கள் நிறுவனமா, வெளி வல்லுநரா, படத்தைக் கொடுத்தவரா? எதை வைத்து? கையெழுத்தைப் புற ஊதா விளக்கில் பார்த்தீர்களா? கேன்வாஸின் பின்பக்கம், ஆணியடித்த ஓரங்கள், கையெழுத்து மூலை ஆகியவற்றின் படங்களும், ஓவியம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் நிலை அறிக்கையும் அனுப்ப முடியுமா? பின்னால் அவருடையது இல்லை என்று தெரிந்தால் பணம் திரும்புமா?

பதில்களைப் படிப்பதும் ஒரு வேலை. 'பாணியின் அடிப்படையில்' என்று மட்டும் வந்தால், அங்கே நிறுத்திக்கொள்ளலாம், பாணியைத்தான் நகல்காரர்களும் படித்தார்கள். 'குடும்பத்தார் சொன்னபடி' என்று வந்தால் அது பாட்டி சொன்ன கதையாக இருக்கலாம். ஒரு வல்லுநர் பெயரும் அவர் எழுதிய கடிதமும் வந்தால், அவர் ரவிவர்மாவைப் பற்றி ஆய்வு செய்தவரா, பொதுவாகப் பழம்பொருள் மதிப்பீடு செய்பவரா என்று பாருங்கள். பின்பக்கப் படத்தில் புதுக் கேன்வாஸ் ஒட்டியிருந்தால் அது பழுதுபார்த்த படம், அதிலேயே தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் பழைய எழுத்து, சீட்டு எதுவும் பின்னால் மிஞ்சியிருக்காது.

பணம் திரும்புமா என்ற கேள்விக்கு விதிமுறையில் பதில் இருக்கும். கிறிஸ்டீஸ் எடுத்துக்கொண்டால், தலைப்பு வரியில் பெரிய எழுத்தில் உள்ளது உண்மை என்பதற்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். ஆனால் தலைப்பில் 'அட்ரிபியூட்டட் டு' போன்ற சொல் வந்துவிட்டால் அந்த ஓவியர் வரைந்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அவர்களே அங்கேயே உதாரணமாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஏலத்திலும் விதி இதுவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு படியுங்கள். அந்த ஒரு சொல் விலையைக் குறைப்பதோடு நிற்காமல், பிறகு வழக்குப் பேச உங்களுக்கு இருந்த இடத்தையும் எடுத்துவிடுகிறது.

'சர்க்கிள்' ஒருநாள் பெயராக மாறுமா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். தம்பியும் கேட்டார், "நாளைக்கு யாராவது பெரிய ஆள் பார்த்து இது ரவிவர்மாதான்னு சொல்லிட்டா?" நடந்திருக்கிறது. 2021இல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 'சர்க்கிள் ஆஃப் ரெம்ப்ராண்ட்' என்று ஒரு சின்னப் படம் வந்தது. குழந்தை ஏசுவை ஞானிகள் வணங்கும் காட்சி, ஒரு தாள் அளவுதான் இருக்கும். மதிப்பீடு 10,000 முதல் 15,000 யூரோ. போனது 8,60,000 யூரோவுக்கு. 2023 டிசம்பரில் லண்டனில் சோத்பீஸ் அதை ரெம்ப்ராண்ட் என்றே பட்டியலிட்டது, ஒரு கோடியே ஒன்பது லட்சம் பவுண்டு வரை போனது.

கதையில் எல்லோரும் கடைசி எண்ணைப் பார்க்கிறார்கள். நடு எண்ணைப் பாருங்கள். 'சர்க்கிள்' என்று போட்டிருந்தும் விலை ஐம்பது மடங்குக்கு மேல் ஏறியது. அதாவது கண்டுபிடித்தது ஒருவர் மட்டும் இல்லை, குறைந்தது இரண்டு பேர் அதே சந்தேகத்தோடு கடைசிவரை ஏலம் கேட்டிருக்கிறார்கள். பட்டியல் தவறவிட்டதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் எப்போதும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று லட்சத்தில் யாரும் போட்டியில்லாமல் உங்கள் கைக்கு ஒரு ரவிவர்மா வருகிறது என்றால், அவர்களும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள் என்றுதான் எண்ண வேண்டும். மறுபக்கமும் நடக்கும். பெர்லினில் பல தலைமுறையாக ரெம்ப்ராண்ட் என்று கொண்டாடிய பொன் தலைக்கவசம் அணிந்த மனிதர் படத்தை 1980களில் ஆய்வு செய்து, அது அவருடையது இல்லை, அவர் வட்டத்தைச் சேர்ந்த ஒருவருடையது என்று மாற்றிவிட்டார்கள். பெயர் மேலேயும் ஏறும், கீழேயும் இறங்கும்.

எவ்வளவு வரை கேட்கலாம்?

என் கணக்கு எளிது. முதல் வரியில் என்ன சொல் இருக்கிறதோ, அதற்குக் கீழே இறக்கி வைத்து விலை போடுவேன். 'அட்ரிபியூட்டட்' என்றால் 'சர்க்கிள்' விலை, 'சர்க்கிள்' என்றால் பெயர் தெரியாத பழைய படத்தின் விலை, 'ஸ்டைல் ஆஃப்' என்றால் சுவரில் மாட்ட எவ்வளவு தருவேனோ அவ்வளவு. ஓவியர் பெயரைக் கையால் மூடிக்கொண்டு படத்தைப் பார்த்து, பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது இதில் முக்கியம். வீணைக்காரப் பெண்ணின் முகம் தம்பிக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. வந்த பதிலில் 'பாணியின் அடிப்படையில்' என்ற வரி மட்டும்தான் இருந்தது. பின்பக்கப் படத்தில் பழைய கேன்வாஸ் தெரிந்தது, கரையின் கட்டங்கள் மடிப்பின் மேல் நேராக ஓடின. நூறு வருடத்தை ஒட்டிய நகல் என்று வைத்து, ஒன்றேகால் லட்சம்தான் தன் எல்லை என்று அவரே முடிவு செய்தார். அந்தத் தொகைக்கு அங்கே வேலை இல்லை என்பதால் ஏலத்தில் கையே தூக்கவில்லை.

எல்லை வைக்கும்போது நிறுவனத்தின் கட்டணத்தையும் சேர்த்து வையுங்கள். சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று ஒன்று வரும். அது 20 சதவீதம் என்று இருந்தால் ஒரு லட்சத்துக்கு இருபதாயிரம், அதன் மேல் வரி, அப்புறம் படத்துக்குச் சட்டம் போடுவது, வண்டி, காப்பீடு. மும்பையிலிருந்து மதுரைக்கு மரப்பெட்டியில் கண்ணாடியோடு வரும் படத்துக்கு வண்டிச் செலவை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படம் கைக்கு வந்துவிட்டால் பில்லை ஒருமுறை படியுங்கள். பட்டியலில் இருந்த அதே முதல் வரி, 'அட்ரிபியூட்டட்', 'சர்க்கிள்' எதுவாக இருந்தாலும் அந்தச் சொல்லோடு, பில்லிலும் இருக்க வேண்டும். சில சமயம் பில்லில் ஓவியர் பெயரை மட்டும் போட்டு முன் சொல்லை விட்டுவிடுவார்கள், வாங்கியவருக்கும் அது பிடித்துவிடும். பிறகு நீங்கள் விற்கப் போகும்போது அந்தப் பில்லை நம்பி ஒருவர் வாங்கினால் பேச்சு உங்கள் மேல் வரும். பட்டியல் பக்கத்தையும், வந்த மின்னஞ்சல்களையும் அச்செடுத்துப் பில்லோடு சேர்த்து வையுங்கள், பில்லில் சொல் விடுபட்டிருந்தால் பணம் கட்டும் முன்பே திருத்தித் தரச் சொல்லுங்கள்.